ஊரின் சராசரியும் ஒரு பிள்ளையின் பல்லும்

பாலக்கோடு வட்டாரத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே பல் வந்துவிடும். முன்பற்களில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் திட்டுகள், கொஞ்சம் முற்றினால் குறுக்கே ஓடும் காவி நிறக் கோடுகள். என்ன தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் கறை பல்லின் மேல் படிந்ததல்ல. பல் உருவாகும்போதே எனாமலுக்குள் விழுந்த குறை. காரணம் நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு. தருமபுரி மாவட்டத்தின் அடியில் கிடப்பது கடினப்பாறை. அதிலுள்ள சில தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு மெல்லக் கரைந்து இறங்குகிறது. தண்ணீரில் காரத்தன்மை கூடியும் சுண்ணாம்புச்சத்து குறைந்தும் இருந்தால் இன்னும் அதிகமாகக் கரையும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை விட்டுக்கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5தான். இந்த மாவட்டத்தின் பல கிணறுகளும் போர்களும் அந்த வரம்பைத் தாண்டியவை.

இதெல்லாம் நன்கு அறியப்பட்டது. சென்னை மாகாணத்தில் இந்த நோயை 1937இலேயே ஷார்ட் என்பவரும் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் நெல்லூர்ப் பகுதியில் கண்டு எழுதிவிட்டார்கள். நான் இங்கே பேச வருவது அந்த அறிவு சரியா தவறா என்பதை அல்ல. சரியான அந்த அறிவை வைத்துக்கொண்டு நாம் எடுத்துவைக்கும் அடுத்த அடியைப் பற்றித்தான். “இது ஃபுளோரைடு ஊர்” என்று ஒரு முடிவு வந்தவுடன், அந்த ஊரிலிருந்து வரும் ஒவ்வொருவர் மேலும் அது ஒட்டிக்கொள்கிறது. முழங்கால் வலி என்று வரும் நடுவயதுப் பெண்ணிடம் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே மருத்துவர் “தண்ணியாலதான்” என்று சொல்லிவிடலாம். கணக்கில் பின்தங்கும் பையனைப் பார்த்து ஆசிரியர் ஊர்த் தண்ணீரை நினைக்கலாம். பெண் பார்க்க வருபவர்கள், அவளைப் பார்ப்பதற்கு முன்பே ஊரைப் பார்த்து முடிவெடுக்கலாம். மூன்று பேரும் செய்வது ஒரே காரியம்: கூட்டத்தைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பை எடுத்துத் தனி ஆளின் தலையில் வைப்பது. புள்ளியியலில் இதற்கு எக்கலாஜிக்கல் ஃபேலசி என்று பெயர். இந்தக் கட்டுரையில் குழுவழிப் பிழை என்று குறிப்பிடுகிறேன்.

இந்தப் பிழையை எண்களால் நிறுவிக் காட்டியவர் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1950இல் அவர் வெளியிட்ட கட்டுரை அளவில் சிறியது; ஆனால் அதற்குப் பிறகு வட்டார வாரியான புள்ளிவிவரத்தை யாரும் பழையபடி பயன்படுத்த முடியவில்லை. அவர் எடுத்துக்கொண்டது 1930ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு. வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்களுக்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள தொடர்பு என்ன என்று அதிலிருந்து பார்த்தார். இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதைச் சொல்லும் ஒட்டுறவு எண் ஒன்று உண்டு. முழுக்கச் சேர்ந்து போனால் அது +1, முழுக்க எதிரெதிராகப் போனால் −1, தொடர்பே இல்லையென்றால் 0. 48 மாநிலங்களை ஒப்பிட்டபோது அந்த எண் −0.53 என்று வந்தது. அதாவது குடியேறியவர்கள் எவ்வளவு அதிகமோ, அந்த மாநிலத்தில் எழுத்தறியாதவர்கள் அவ்வளவு குறைவு. இதை மட்டும் படிப்பவர், குடியேறியவர்கள் உள்ளூர்க்காரர்களைவிடப் படித்தவர்கள் என்று முடிவுகட்டுவார். ஆனால் அதே கணக்கெடுப்பில் ஆள் ஆளாக எடுத்துப் பார்த்தால் எண் +0.12. குடியேறியவர்களிடம்தான் எழுத்தறியாமை சற்று அதிகம். அளவு மாறியது மட்டுமல்ல, திசையே மாறிவிட்டது.

இரண்டு எண்ணும் உண்மை. கப்பலில் வந்து இறங்கியவர்கள், தொழிலும் கூலியும் பள்ளியும் ஏற்கெனவே நன்றாக இருந்த மாநிலங்களில் போய்க் குடியேறினார்கள். அங்கே உள்ளூர்க்காரர்களின் எழுத்தறிவு உயர்வு. மாநிலத்தின் எண்ணை உயர்த்தியவர்கள் அந்த உள்ளூர்க்காரர்கள். அதைக் குடியேறியவர்களின் கணக்கில் எழுதிவிட்டோம். மாநிலங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் ஒரு காரணத்தால் வருகிறது, மாநிலத்துக்குள் மனிதர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் வேறொரு காரணத்தால் வருகிறது. மாநில எண்ணில் முதலாவது மட்டும்தான் தெரியும்.

இதைப் பாலக்கோட்டுப் பக்கத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கீழே வரும் மூன்று ஊர்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, எண்களும் அப்படியே; ஆனால் இப்படி நடக்க இந்த மண்ணில் எல்லா வாய்ப்பும் உண்டு.

ஒவ்வொரு ஊரிலும் பள்ளி வயதுப் பிள்ளைகள் 100 பேர். முதல் ஊர் மேட்டுக்காடு. நிலத்தடி நீரே கெட்டது, பாசனம் குறைவு, கையில் காசும் குறைவு. சொந்த போர் உள்ள வீடுகளைச் சேர்ந்த பிள்ளைகள் 20 பேர்தான். மூன்றாவது ஊர் ஆற்றோரம். தக்காளியும் கரும்பும் விளையும் நிலம், நீரும் பரவாயில்லை, 80 பிள்ளைகளின் வீட்டில் சொந்த போர். இரண்டாவது ஊர் நடுவில், அங்கே 50 பேர். பல்லில் கறை உள்ள பிள்ளைகளை எண்ணினால் முதல் ஊரில் 58, இரண்டாவதில் 50, மூன்றாவதில் 42. மூன்று ஊரையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் அதிகாரிக்கு விஷயம் தெளிவாகத் தோன்றும். சொந்த போர் 20, 50, 80 என்று ஏறுகிறது. கறை 58, 50, 42 என்று இறங்குகிறது. அப்படியானால் சொந்த போர் பல்லைக் காக்கிறது, வீட்டுக்கு வீடு போர் போட மானியம் தரலாம்.

இப்போது ஊருக்குள்ளே போவோம். முதல் ஊரில் சொந்த போர்த் தண்ணீர் குடிக்கும் 20 பிள்ளைகளில் 18 பேருக்குக் கறை. பொதுக்குழாயில் குடிக்கும் 80 பேரில் 40 பேருக்குத்தான். இரண்டாவது ஊரில் போர் வீட்டுப் பிள்ளைகள் 50 பேரில் 35, மற்ற 50 பேரில் 15. மூன்றாவது ஊரில் போர் வீட்டுப் பிள்ளைகள் 80 பேரில் 40, மற்ற 20 பேரில் 2. எந்த ஊரை எடுத்தாலும் சொந்த போர் உள்ள வீட்டில் கறை நூற்றுக்கு நாற்பது கூடுதல். மூன்று ஊரையும் கலந்து கூட்டினாலும் போர் வீட்டுப் பிள்ளைகள் 150 பேரில் 93, மற்றவர்கள் 150 பேரில் 57. ஆழமாகத் துளைத்த போர் பாறைக்குள் நெடுநாள் கிடந்த தண்ணீரை எடுத்துத் தருகிறது. அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பது கடினப்பாறைப் பகுதிகளில் அடிக்கடி காணப்படுவது. ஆற்றோர ஊரில் பொதுவாகவே நீர் நல்லது, வசதியும் அதிகம், அதனால் போரும் அதிகம். ஊர்க்கணக்கில் தெரிந்தது நிலத்தின் குணம். அதைப் போரின் குணமாக வாசித்தார் அந்த அதிகாரி. மானியம் கொடுத்திருந்தால் கறை பெருகியிருக்கும்.

ஊர்த் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நடப்பதைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாதா? கொஞ்சம் சொல்லலாம். எவ்வளவு என்பதையும் கணக்காகச் சொல்லலாம். 1953இல் டங்கன், டேவிஸ் என்ற இருவர் இதற்கு ஒரு வழி காட்டினார்கள், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். மூன்றாவது ஊரில் போர் வீட்டுப் பிள்ளைகள் 80, மற்றவர்கள் 20, கறை உள்ளவர்கள் 42. மற்றவர்கள் 20 பேருக்கும் கறை என்றே வைத்துக்கொண்டாலும், மீதி 22 பேர் போர் வீட்டைச் சேர்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அதிகபட்சம் 42 பேரும் அவர்களாகவே இருக்கலாம். ஆகவே உண்மை 22க்கும் 42க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இது உறுதி, யாரும் மறுக்க முடியாது. இரண்டாவது ஊரிலும் இதையே செய்து பாருங்கள். போர் 50, கறை 50. கறை உள்ள 50 பேரும் போர் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம். 0 முதல் 50 வரை எதுவும் நடக்கும். ஊர்க்கணக்கு அங்கே எதையும் சொல்லவில்லை. வட்டார அளவிலான எந்தப் புள்ளிவிவரத்திலிருந்தும் மனிதர்களைப் பற்றி யாராவது பேசினால், முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான நேரம் கிடைக்கும் இடைவெளி மிக அகலமாகத்தான் இருக்கும். அதன் நடுவே எந்தப் புள்ளியில் நிற்பது என்பதைப் பேசுபவரின் முன்முடிவுதான் தீர்மானித்திருக்கும்.

ஊரின் சராசரி என்று ஒன்று இருக்கிறதே, அதையும் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் மாதிரி எடுக்கும்போது பிளாஸ்டிக் பாட்டிலில்தான் எடுப்பார்கள், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால். பாட்டில் மேல் எந்த ஊர், எந்த இடம், கைபம்பா, டேங்கா, போரா என்று எழுதி ஆய்வகத்துக்குப் போகும். அந்தச் சீட்டில் உள்ள ‘எந்த இடம்’ என்ற தகவல், அறிக்கை மேலே ஏற ஏற உதிர்ந்துவிடுகிறது. கடைசியில் ஊருக்கு ஒரு எண் நிற்கிறது. ஒரு ஊரில் பெரிய டேங்கில் 0.8, பள்ளிக்கூடத்துக் கைபம்பில் 1.2, வயல் போரில் 4.0 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2.0. அந்த ஊரில் 2.0 உள்ள தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. டேங்க் தண்ணீரோடு நிற்பவருக்கு அந்த ஊர் வரம்புக்குள் இருக்கும் ஊர். வயலிலேயே பொழுதைக் கழிப்பவருக்கு வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கடினப்பாறையில் நீர் ஓடுவது விரிசல்கள் வழியாக என்பதால், ஒரே தெருவில் உள்ள இரண்டு போர்களே ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும். ஊர் என்பது வருவாய்த்துறையின் எல்லை. விரிசலுக்கு அந்த எல்லை தெரியாது.

தண்ணீரில் உள்ள அளவும் உடலில் சேரும் அளவும் வேறு வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் தக்காளி பறிக்கும் பெண் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர், வீட்டிலிருக்கும் சிறு பிள்ளை குடிப்பதைப் போல நாலைந்து மடங்கு இருக்கலாம். களி கிண்டும் தண்ணீரும் குழம்புத் தண்ணீரும் வயிற்றுக்குள்தான் போகின்றன. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும். எதிர்ப்பக்கமும் உண்டு. ராகியிலும் பாலிலும் உள்ள சுண்ணாம்புச்சத்து குடலிலேயே ஃபுளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும், அது ரத்தத்தில் கலக்காமல் வெளியேறும். ஒரே குழாயில் குடம் பிடிக்கும் இரண்டு வீடுகளில், பால் குடிக்கும் பிள்ளையும் பால் காணாத பிள்ளையும் ஒரே அளவு பாதிக்கப்படுவதில்லை.

தண்ணீருக்கும் பல்லுக்கும் உள்ள உறவை ஊர் ஊராக ஒப்பிட்டு நிறுவியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ட்ரென்ட்லி டீன். 1942இல் அவரும் சக ஆய்வாளர்களும் 21 நகரங்களைச் சேர்ந்த 7,257 பிள்ளைகளின் பற்களைப் பார்த்து எழுதியது இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. நகர வாரியான ஒப்பீடுதான் என்றாலும் அது நிலைத்து நிற்கிறது. அதற்கு ஒரு காரணம், டீன் தன் ஆய்வுகளில் பிறந்ததிலிருந்து அதே ஊரில் வளர்ந்து அதே பொதுக்குழாய்த் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளைத் தேடிப் பார்த்ததுதான். நகரத்தின் எண்ணும் பிள்ளையின் எண்ணும் ஒன்றாக இருக்கும்படி, ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவருடைய முடிவை மட்டும் இரவல் வாங்கினால் என்ன ஆகும் என்பதைப் பல்லே சொல்லும்.

பல்லுக்குள் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. மேல்வரிசை நடு முன்பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். இரண்டாவது கடைவாய்ப்பல்லின் எனாமல் முடிய ஏழெட்டு வயதாகும். அதன்பின் எவ்வளவு ஃபுளோரைடு குடித்தாலும் அந்தப் பற்களில் இந்தக் கறை வராது. முன்பு விழுந்த கறை, தண்ணீர் மாறியதால் போகவும் போகாது. ஆக 14 வயதுப் பெண்ணின் முன்பல்லில் தெரிவது இன்றைய ஊர்த் தண்ணீர் அல்ல. பத்து வருடத்துக்கு முன் அவள் எங்கே இருந்தாளோ, அங்கே குடித்த தண்ணீர். தருமபுரிப் பக்கத்தில் கட்டட வேலைக்காகக் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்வருவது சாதாரணம். மூன்று வயது வரை ஊரில் வளர்ந்து பிறகு பெங்களூர் போன பிள்ளைக்கு முன்பற்களில் கோடு இருக்கும், பின்னால் வந்த கடைவாய்ப்பற்கள் சுத்தமாக இருக்கும். அங்கே பிறந்து ஐந்து வயதில் பாட்டி வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு இது அப்படியே தலைகீழாகும். இரண்டு பேரும் இன்று ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். “இந்தப் பள்ளியில் நூற்றுக்கு இத்தனை பேருக்குக் கறை, இந்த ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு இத்தனை” என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதும் அறிக்கையில் இந்த இரு பிள்ளைகளும் காணாமல் போய்விடுகிறார்கள்.

பல் மருத்துவர் ஒரு பிள்ளையைப் பார்த்து முடிவெடுக்க ஊர்ப் பெயர் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. எதைத் தேட வேண்டும் என்று ஊர் சொல்லும். கண்டுபிடிக்க வேண்டியது வாயில்தான். ஃபுளோரைடு கறை இடமும் வலமுமாகச் சமமாக இருக்கும். ஒரே நேரத்தில் உருவான ஜோடிப் பற்கள் இரண்டிலும் ஒரே உயரத்தில் கோடு ஓடும். ஒரே ஒரு பல்லில் மட்டும் திட்டு என்றால், சின்ன வயதில் அடிபட்டதோ, முளைக்கும் முன்பே மேலிருந்த பால்பல்லில் சீழ் வைத்ததோ என்று யோசிக்க வேண்டும். சொத்தையின் வெள்ளைத் திட்டு ஈறோரத்தில் தொடங்கும். வெற்றிலை, புகையிலைக் கறை சுரண்டினால் வரும்.

முழங்கால் விஷயத்தில் பிழையின் விலை இன்னும் அதிகம். பல வருடங்கள் அதிக ஃபுளோரைடு உடலில் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும் என்பது உண்மை. தொடக்கத்தில் வலி, விறைப்பு. முற்றினால் முதுகெலும்பே அசையாது. ஆனால் முழங்கால் வலிக்கு நூறு காரணங்கள் இருக்கின்றன. குனிந்து நிமிர்ந்து கூடை சுமக்கும் பெண்ணுக்குத் தேய்மானம் இருக்கலாம். வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். முடக்குவாதமாக இருக்கலாம், அதைச் சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் மூட்டைக் காப்பாற்ற முடியும், விட்டால் விரல்கள் கோணிவிடும். “உங்க ஊர்த் தண்ணி அப்படி” என்று வலிமாத்திரை கொடுத்து அனுப்பினால், குணமாகக்கூடிய ஒரு நோய் குணமாகாத ஒன்றின் பெயரில் மூடப்படுகிறது. தனி ஆளிடம் உறுதிசெய்ய வழிகள் இல்லாமல் இல்லை. முழங்கால் மடக்காமல் குனிந்து பாதத்தைத் தொட முடிகிறதா, மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா, கைகளைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா என்று மூன்று அசைவுகளைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார்கள். சிறுநீரில் ஃபுளோரைடை அளக்கலாம். முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கும் இடையே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது வலுவான அடையாளம். இவற்றில் எதையும் ஊர்ப் பெயர் ஈடுசெய்யாது.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. ‘பாதிக்கப்பட்ட ஊர்’ பட்டியலில் இல்லாத ஊரில், வயல் போரை நம்பி வாழும் ஒரு வீடு இருக்கிறது. ஊர்ச் சராசரி 0.9. அந்த வீட்டுத் தண்ணீர் 3. அவர்கள் மூட்டு வலியோடு போனால் யாருக்கும் ஃபுளோரைடு நினைவுக்கு வராது. குழுவழிப் பிழை கறை உள்ள ஊர்க்காரரைத் தவறாக முத்திரை குத்துவதோடு நிற்பதில்லை. நல்ல ஊரின் நோயாளியைப் பார்வையிலிருந்தே மறைத்துவிடுகிறது.

அறிவுத்திறன் பற்றிய ஆய்வுகளுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. குடிநீரில் ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் நிலைக்கும், பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக நடுத்தர உறுதியோடு சொல்கிறது அது. இந்தியா, சீனா போன்ற நாடுகளிலும் செய்யப்பட்ட ஆய்வுகளின் தொகுப்பு அது. அவற்றில் சில ஒவ்வொரு பிள்ளையின் சிறுநீரையும் அளந்தவை; சில ஃபுளோரைடு அதிகமுள்ள கிராமத்துப் பிள்ளைகளையும் குறைந்த கிராமத்துப் பிள்ளைகளையும் மொத்தமாக ஒப்பிட்டவை. இரண்டாவது வகையில் ராபின்சன் காட்டிய சிக்கல் அப்படியே இருக்கிறது. தண்ணீர் கெட்ட கிராமம் பெரும்பாலும் பள்ளியும் சத்துணவும் வருமானமும் குறைந்த கிராமமாகவும் இருக்கும். முதல் வகை இதைவிட நல்லது. ஆனால் அதிலிருந்தும்கூட வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆள் ஆளாக அளந்து கிடைத்த சராசரி வித்தியாசம் சில மதிப்பெண்கள் என்றால், ஒரே தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளுக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வு அதைவிடப் பல மடங்கு. பல்லில் கோடு உள்ள பிள்ளை வகுப்பில் முதலாவதாக வருவதில் வியப்புக்கு இடமே இல்லை. ஆசிரியர் அவன் பல்லைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டால், பிறகு வரும் குறைந்த மதிப்பெண் அந்த ஆய்வுக்குச் சாட்சியாக மாறிவிடும்.

தருமபுரிக்கு இப்படிப்பட்ட எண்கள் நிறைய ஒட்டியிருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே கடைசி. மாநிலத்தின் அளவு 80. ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 913 பெண் குழந்தைகள், மாநிலத்தில் 943. இரண்டுமே அரசு கவனிக்க வேண்டிய எண்கள். இரண்டாவது எண்ணைப் பாருங்கள். விகிதம் என்பது ஒரு மாவட்டத்துக்கு இருக்கலாம், ஒரு தாய்க்கு இருக்க முடியாது. இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பிறகு மூன்றாவதைச் சுமந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஒருத்தியை அந்த 913 எந்த வகையிலும் விவரிக்காது. அவளுக்கு ஆதரவு தேவைப்படலாம், அதைக் கொடுக்க வேண்டும். சந்தேகத்தை அவள்மேல் வைக்க அந்த எண் யாருக்கும் உரிமை தரவில்லை.

அப்படியானால் ஊர்க்கணக்கு பயனற்றதா? ஒகேனக்கல் திட்டம் அந்தக் கேள்விக்குப் பதில். 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானிய நிறுவனமான ஜைக்காவின் கடனோடு கட்டி, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவருகிறது. அதன் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் இருக்கிறது. அந்த முடிவை எடுக்க ஒவ்வொரு ஆளின் எக்ஸ்ரேயும் வேண்டியதில்லை. குழாய் போவது ஊருக்கு. ஊருக்கான முடிவை ஊரின் எண்ணிலிருந்து எடுத்தது சரி. கேள்வி எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதே மட்டத்தில் ஆதாரமும் இருந்தது.

தனி ஆளை மட்டும் அளந்தாலும் ஏமாறலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009இல் எஸ். வி. சுப்பிரமணியனும் சக ஆய்வாளர்களும் ராபின்சன் எடுத்த அதே 1930 கணக்கெடுப்பைத் திரும்ப எடுத்தார்கள். ஆளையும் மாநிலத்தையும் ஒரே நேரத்தில் கணக்கில் கொள்ளும் பன்மட்ட முறையில் ஆராய்ந்து, எந்த மாநிலத்தில் வாழ்கிறார் என்பது எழுத்தறிவில் ஆளின் குணங்களுக்கு அப்பாலும் ஒரு பங்கு வகிக்கிறது என்று காட்டினார்கள். கறுப்பின மக்களைப் பிரித்துவைத்த சட்டங்கள் இருந்த மாநிலத்தில் ஒருவரின் எழுத்தறியாமையை அவருடைய நிறத்தோடு மட்டும் பொருத்திப் பார்த்தால், சட்டம் பார்வையிலிருந்து தப்பிவிடும். பாலக்கோட்டில் ஒரு பிள்ளையின் பல்லை மட்டும் பார்த்து, அந்த வீட்டார் ஏன் நல்ல தண்ணீர் பிடிக்கவில்லை என்று கேட்டால், குழாயே வராத தெரு தப்பிவிடுவதைப் போல.

இரண்டு மட்டத்தையும் சேர்த்துப் பார்க்க இந்த வட்டாரத்திலேயே நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. 2013க்கு முன் எனாமல் உருவான பிள்ளைகளும் பின் உருவான பிள்ளைகளும் பல வீடுகளில் அண்ணன் தங்கையாக இருக்கிறார்கள். வீடு ஒன்று, களி ஒன்று, பாலும் வறுமையும் ஒன்று. மாறியது தண்ணீர் மட்டும். ஊரை ஊரோடு ஒப்பிடுவதற்குப் பதிலாக அண்ணனின் முன்பல்லையும் தங்கையின் முன்பல்லையும் ஒரே வயதில் எடுத்த குறிப்புகளோடு ஒப்பிட்டால், ஊர்களுக்கிடையே உள்ள நில வேறுபாடும் வசதி வேறுபாடும் கணக்கிலிருந்து விலகிவிடும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். பள்ளி மருத்துவக் குழு பல் பார்க்கும் படிவத்தில் கூடுதலாக நான்கு கேள்விகள் போதும்: பிறந்தது எங்கே, எட்டு வயது வரை எந்தெந்த ஊரில் இருந்தாய், வீட்டில் குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எந்தத் தண்ணீர். கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் குடிக்க ஒகேனக்கல் தண்ணீரும் களிக்குப் போர்த் தண்ணீரும் என்று பிரித்து வைத்திருக்கும் வீட்டில் தங்கை பாதிதான் தப்பியிருப்பாள். டேங்கில் காவிரி நீரோடு உள்ளூர்ப் போர் நீரைக் கலந்து விடும் இடமானால், 2013 என்ற கோடே அந்தத் தெருவுக்குப் பொருந்தாது. அங்கே டேங்க் குழாயிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிரப்பி, எந்தத் தெரு என்று எழுதி, ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகுதான் ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.